"முதல்ல கீமோ முடியட்டும்": புற்றுநோய் சிகிச்சைக்கு முன் நாங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போன மாதம் வார்டில் ஒரு ஜூனியர் டாக்டர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து ஆறு நாள் ஆன ஒரு பெண். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. "டாக்டர், பின்னாடி குழந்தை பிறக்குமா?" என்று கேட்டிருக்கிறார். ஜூனியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப அதெல்லாம் யோசிக்காதீங்கம்மா. முதல்ல கீமோ முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். குரலில் அவ்வளவு கனிவு.

ஒன்பது வருடம் முன்பு நானும் இதே வார்த்தையை, இதே கனிவோடு சொன்னவள்தான்.

சிகிச்சையின்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, புகை கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

"அப்புறம் பார்த்துக்கலாம்"

ஒரு பெண் தன் கருமுட்டைகள் அத்தனையையும் பிறக்கும்போதே கொண்டு வருகிறாள். பத்து இருபது லட்சம் இருக்கும். பூப்படையும்போது மூன்று நான்கு லட்சம் மிஞ்சும். அதன்பின் செலவு மட்டும்தான், வரவு கிடையாது. சினைப்பையில் பெரும்பாலானவை தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு சிறு கூட்டம் மட்டும் எந்நேரமும் வளர்ந்துகொண்டிருக்கும்.

கீமோ மருந்து வேகமாக வளரும் செல்களைத் தாக்கும். எனவே முதலில் சாவது அந்த வளரும் கூட்டம். மாதவிடாய் நிற்பது இதனால்தான். தூங்குபவை பிழைத்திருந்தால் சில மாதங்களில் புதிய கூட்டம் எழுந்து வரும், மாதவிடாயும் திரும்பும். சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் தூங்குபவற்றையும் விடுவதில்லை. அந்த இழப்பு திரும்பாது. ஒரே மருந்து, ஒரே அளவு. 25 வயதுப் பெண் தாங்கிக்கொள்வார், 40 வயதுக்காரருக்கு அதோடு மாதவிடாயே முடிந்துவிடலாம். கையில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

சரி, என் கதை. அவருக்கு அப்போது 27 வயது, பள்ளி ஆசிரியை. அறுவை முடிந்து புண் ஆற நான்கு வாரம் கொடுத்து, பிறகு கீமோ என்று முடிவாகியிருந்தது. "அவ முதல்ல பொழைக்கட்டும் டாக்டரம்மா" என்று அம்மா அழுதார். நானும் தலையாட்டினேன். கருமுட்டையை உறைய வைக்கலாம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. "இருக்கிற கவலை போதாதா" என்று நினைத்தேன். முதல் கீமோ ஏறி பத்து நாள் கழித்து அவரே எங்கோ படித்துவிட்டு வந்து கேட்டார்: "முட்டையை எடுத்து வைக்கலாமாமே?"

அப்போது எடுக்க முடியாது. வளரும் கூட்டம் ஏற்கெனவே அடிபட்டுவிட்டது; ஊசி போட்டாலும் சொற்பமாகத்தான் கிடைக்கும். கிடைப்பவையும் மருந்தில் நனைந்தவை, அவற்றின் மரபணு சேதப்பட்டிருக்கலாம். தூங்கும் முட்டை எழுந்து முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும் என்பதால், கீமோ முடிந்த பிறகும் அவ்வளவு காலமாவது காத்திருக்கத்தான் சொல்வோம்.

இப்போது அந்த நான்கு வாரத்தை நாள்கணக்கில் பிரித்துப் பாருங்கள். எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். அறுவை முடிந்த ஏழாம் நாள் அவர் என்னிடம் வந்திருந்தால், அன்றே ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடித்திருக்கலாம். மாதவிடாயின் எந்த நாளாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாம் நாளுக்காகக் காத்திருக்கும் பழைய வழக்கம் இந்த அவசரத்துக்குத் தேவையில்லை. எட்டாம் நாள் முதல் ஊசி. பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் வயிற்றில் ஓர் ஊசி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேன். மார்பகப் புற்றுநோய் என்பதால் கூடவே லெட்ரோசோல் மாத்திரை, தினம் 5 மில்லிகிராம். முட்டைகள் வளரும்போது ஈஸ்ட்ரோஜன் எகிறாமல் அது பிடித்துவைக்கும். பத்தொன்பதாம் நாள் இரவு முட்டையை முதிரவைக்கும் ஊசி. 34 முதல் 36 மணி நேரத்தில், அதாவது இருபத்தொன்றாம் நாள் காலையில், மயக்கம் கொடுத்து முட்டையை எடுத்தால் மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம். கீமோ இருபத்தெட்டாம் நாள். ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டியிருக்காது.

சிகிச்சை தாமதமாகும் என்ற பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அந்த இரண்டு வாரம் அட்டவணையிலேயே சும்மா கிடந்தது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. ரத்தப் புற்றுநோயில் பல சமயம் நாளையே மருந்து ஏற்ற வேண்டியிருக்கும், இரண்டு வாரம் கிடைக்காது. எடுத்து வைத்த முட்டை குழந்தைக்கு உத்தரவாதமும் இல்லை. அதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

"பீரியட்ஸ் வந்துடுச்சு, அப்ப சரி"

அதே ஆசிரியைக்கு இரண்டாவது சுற்றோடு மாதவிடாய் நின்றது. கீமோ முடிந்து ஏழாம் மாதம் திரும்ப வந்தது. அம்மா வார்டுக்கே கேசரி செய்து கொண்டுவந்தார். நாங்களும் சாப்பிட்டோம். நோய் திரும்பாமலிருக்க ஐந்து வருடம் டமாக்சிஃபென் மாத்திரை, அது முடிந்ததும் குழந்தைக்கு முயற்சிக்கலாம் என்று அனுப்பிவைத்தோம்.

மாதவிடாய் வருகிறது என்றால் அந்த மாதம் ஒரு சிறு கூட்டம் எழுந்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். பின்னால் எத்தனை மிச்சம் என்று அது சொல்லாது. அவருக்கு அப்போது வயது 28, கையிருப்போ நாற்பதை நெருங்கும் பெண்ணுக்குரியது. ஐந்து வருட மாத்திரை முடிவதற்குள்ளேயே மாதவிடாய் தடுமாற ஆரம்பித்தது. மாத்திரையால் இருக்கும் என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். டமாக்சிஃபெனே மாதவிடாயைக் குழப்பும் என்பதால் சந்தேகம் வரவில்லை. 33 வயதில், மாத்திரையை நிறுத்திய பிறகு பரிசோதித்தால் முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். அநேகமாகப் பூஜ்யம், சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். மாதவிடாய் நின்றவர்களுக்குரிய அளவில்.

கீமோ கருப்பையைக் கெடுப்பதில்லை. தானமாகப் பெற்ற முட்டையில் அவர் இன்றும் கர்ப்பம் சுமக்கலாம். "என் முட்டை இருந்திருக்கும் இல்லையா மேடம்?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். இருந்திருக்கும்.

இப்போது கீமோவுக்கு முன் ஓர் ஏ.எம்.எச்., முடிந்து ஒரு வருடத்தில் இன்னொன்று பார்க்கிறேன். எண் குறைவாக இருந்தால் கர்ப்பமே ஆகாது என்று அர்த்தமில்லை. காலம் குறுகுகிறது என்று அர்த்தம். டமாக்சிஃபென் விஷயத்திலும் நிலைமை மாறியிருக்கிறது. 2023-இல் வெளியான பாசிட்டிவ் ஆய்வில், 18 முதல் 30 மாதம் மாத்திரை எடுத்த பெண்கள் குழந்தைக்காக இரண்டு வருடம் வரை அதை நிறுத்தினார்கள். குறுகிய காலக் கணக்கில் நோய் திரும்புவது அதிகரிக்கவில்லை. நீண்ட காலக் கணக்கை இன்னும் கவனித்து வருகிறார்கள். நிறுத்திய உடனே முயற்சிக்கக் கூடாது, மருந்து உடலைவிட்டு வெளியேற மூன்று மாதம் வேண்டும். யாருக்கு இது பொருந்தும் என்பதைப் புற்றுநோய் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை அவரிடம் யாராவது கேட்டாக வேண்டும்.

ரேடியேஷனில் கருப்பையை மறப்பது

இடுப்புப் பகுதி ரேடியேஷன் கதையே வேறு. மலக்குடல் புற்றுநோய்க்கு ஐந்து வாரத்தில் 45 முதல் 50 கிரே வரை கதிர் கொடுப்பது வழக்கம். 30 வயதுப் பெண்ணின் சினைப்பை செயலிழக்க ஏறக்குறைய 14 கிரே போதும். எனவே சினைப்பை அந்த வட்டத்துக்குள் இருந்தால் மாதவிடாய் திரும்புமா என்று காத்திருப்பதில் பயனில்லை.

சினைப்பைகளை லேப்ராஸ்கோப்பியில் மேலே நகர்த்தி, இடுப்பெலும்புக்கு மேல் பக்கவாட்டில் கட்டி வைக்கலாம். கட்டிய இடத்தில் உலோகக் கிளிப் போட வேண்டும். கிளிப் இல்லாவிட்டால் ரேடியேஷன் திட்டமிடுபவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒரு பெண்ணுக்கு அதை மறந்துபோய், நகர்த்திய இடத்திலேயே கதிர் போய் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். நகர்த்தினாலும் சிதறும் கதிர் கொஞ்சம் எட்டும். கீமோவும் சேர்ந்து கொடுத்தால் அது ரத்தத்தில் போவதால் எங்கே ஒளித்தாலும் தேடிவந்துவிடும்.

சினைப்பை தப்பினாலும் கருப்பை அங்கேயேதான் இருக்கிறது. அந்த அளவுக் கதிருக்குப் பின் அதன் தசை விரியாது, உட்சுவர் தேய்ந்துவிடும், ரத்த ஓட்டம் குறையும். முட்டை உறைய வைத்தாயிற்று என்று நிம்மதியாக இருக்கும் குடும்பத்திடம், அந்தக் குழந்தையைப் பெரும்பாலும் வாடகைத்தாய்தான் சுமக்க வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. இந்தியாவில் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணத்துக்கு வாடகைத்தாய் கிடையாது. கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்த வழியே இல்லை. முட்டை எடுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டிய விஷயம் இது.

அப்புறம் ஹார்மோன். 28 வயதில் சினைப்பை நின்றால் உடல் சூடேறுவதும் தூக்கம் கெடுவதும் மட்டுமில்லை, எலும்பு தேய ஆரம்பிக்கும், பிறப்புறுப்பு வறண்டு சுருங்கும். "புற்றுநோய் வந்தவருக்கு ஹார்மோனா?" என்று மருந்துக்கடைக்காரர் வரை பயமுறுத்துவார்கள். மார்பகப் புற்றுநோயில் அந்தப் பயம் நியாயம். மலக்குடல் புற்றுநோயிலும், கருப்பை வாய்ப் புற்றுநோயின் பொதுவான ஸ்குவாமஸ் வகையிலும் நியாயமில்லை. ஐம்பது வயது வரை கொடுப்போம். ஆனால் கருப்பை இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரானும் சேர்க்க வேண்டும். ரத்தப்போக்கே இல்லை என்றாலும் உட்சுவர் முழுதாக அழிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

"ஊசி போட்டாச்சு, முட்டை எடுக்க வேண்டாம்"

சினைப்பையைத் தற்காலிகமாகத் தூங்கவைக்கும் ஊசி கோசரெலின், 3.6 மில்லிகிராம், 28 நாளுக்கு ஒன்று, கீமோவுக்கு ஒரு வாரமாவது முன்பு தொடங்க வேண்டும். ஹார்மோன் ஏற்பி இல்லாத மார்பகப் புற்றுநோயில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், சினைப்பை செயலிழப்பது 22 சதவீதத்திலிருந்து 8-க்கு இறங்கியது. நல்ல மருந்துதான். உறைய வைப்பதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியது, அதற்குப் பதிலாக அல்ல. ரேடியேஷனுக்கு இது உதவாது.

பூப்படையாத சிறுமி

முட்டை எடுக்க முடியாது. சினைப்பைத் திசுவை உறைய வைக்கலாம், இரண்டு வாரக் காத்திருப்பும் வேண்டாம். ரத்தப் புற்றுநோய் என்றால் அந்தத் திசுவுக்குள்ளேயே நோய்ச் செல் இருக்கலாம். திரும்பப் பொருத்துவது ஆபத்து.

"மாதவிடாயே இல்லை, கருத்தடை எதுக்கு?"

வேண்டும்.

கீமோவின் நடுவில் எஃப்.எஸ்.எச். பார்ப்பது

பார்க்காதீர்கள்.

சீட்டு

எங்களிடம் அனுப்பும் சீட்டில் "குழந்தைப்பேறு குறித்து ஆலோசனை" என்று மட்டும் எழுதியிருக்கும். எனக்குத் தேவை மூன்றுதான்: வயது, மருந்தின் பெயர், கீமோ தேதி. இவை இல்லாத சீட்டை நான் திருப்பி அனுப்புவதில்லை. நானே போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அதில் ஒரு நாள் போய்விடுகிறது, இருப்பதே பதினான்கு நாள்.