சிங்கிங் ஃபண்டில் குறைந்த 36,000 ரூபாய்

சேலம் அஸ்தம்பட்டியில் 24 வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பின் கணக்கைத் தணிக்கை செய்தபோது, எதிர்காலப் பெரிய பழுதுச் செலவுகளுக்காகச் சேர்க்கும் சிங்கிங் ஃபண்டிலிருந்தே தொடங்கினேன். வீட்டுக்கு மாதம் 500 வீதம் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் சேர்ந்திருக்க வேண்டும்; மூன்று வீடுகளின் ஓராண்டு நிலுவையான 18,000 போக 1,26,000 ரூபாய்க்கு ரசீதுகள் இருந்தன, ஆனால் வைப்புநிதியில் 90,000 மட்டுமே இருந்தது. பராமரிப்புக் கட்டணத்தையும் அதே வங்கிக் கணக்கில் வாங்கியதால், மீதி 36,000 கோடையில் லாரித் தண்ணீருக்குப் போயிருந்தது வங்கி அறிக்கையைப் பார்த்த பிறகே தெரிந்தது. தண்ணீர் பில்களைக் காவலாளியின் பதிவேட்டோடு ஒவ்வொரு லாரியாக ஒப்பிட்டேன். நல்லவேளையாக, லாரிகள் உண்மையாகவே வந்திருந்தன. எனவே அத்தொகையைப் பராமரிப்புக் கணக்கு திருப்பித் தரவேண்டிய கடனாகப் பதிந்து, பொதுக்குழுத் தீர்மானத்தின்படி வீட்டுக்கு 1,500 ரூபாய் கூடுதலாக வசூலித்து, சிங்கிங் ஃபண்டுக்கெனத் தனியாகத் தொடங்கிய வங்கிக் கணக்கில் செலுத்தினோம்.