ஈரமாவு வறுக்க கத்துக்கலாம்: கோலம் போட்டு பாத்துட்டு எறக்குங்க

புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் வீட்டுலயே மாவு ரெடி பண்ணணும்னு அரிசிய ஊறவச்சு மில்லு வரைக்கும் போயிட்டு, கடைசில வறுக்குற எடத்துல கோட்ட விடுறவங்க நெறைய பேரு. நானும் அப்டிதான். கல்யாணம் ஆகி கடலூர் வந்த புதுசுல, சீக்கிரம் முடியட்டும்னு அடுப்ப பெருசா எரியவிட்டு வறுத்தேன், பாத்தா மாவு பூரா ஜவ்வரிசி மாதிரி குட்டி குட்டி உருண்டை. அத சலிக்காம அப்டியே பிசைஞ்சு அச்சுல போட்டா ஓட்டை அடைச்சிகிச்சு, நாழிய திருப்பி திருப்பி கை வலிதான் மிச்சம். அத்தை எட்டிப் பாத்துட்டு "மாவ வறுக்கல, நீ வேகவச்சிகினு இருந்துருக்க"ன்னாங்க.

அவங்க சொன்னதுதான் மேட்டர். ஊறவச்சு அரைச்ச மாவுல தண்ணி நெறைய இருக்கு, அரிசி மாவு ஈரத்தோட இருக்கும்போது சுமாரா 70 டிகிரி சூடு பட்டாலே வெந்து ஒட்ட ஆரம்பிச்சிடும். சூடு கம்மியா இருந்து, கிண்டிக்கிட்டும் இருந்தா ஈரம் ஆவியா போயிடும், மாவு வேகறதுக்குள்ள காஞ்சிடும். ஒரு தடவ காஞ்சிட்டா அப்புறம் கட்டி தட்டாது. அதனால மொத அஞ்சு நிமிஷந்தான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கவேண்டிய நேரம், அத தாண்டிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

அரிசி எவ்ளோ, மாவு எவ்ளோ

போன வாரம் செஞ்சத அப்டியே சொல்றேன். 1 கிலோ மாவு பச்சரிசி, கழுவி ரெண்டு மணி நேரம் ஊறவச்சு, தண்ணிய வடிச்சு, வெள்ளை வேட்டி மேல நிழல்ல பரப்புனேன். நம்ம ஊரு கடக்காத்துல சீக்கிரம் காயாது, சில நாள் ஒரு மணி நேரம் கூட ஆகும். கைல எடுத்தா விரல்ல ஒட்டணும், ஆனா தண்ணி சொட்டக்கூடாது, அதுதான் கணக்கு. தராசுல வச்சா 1 கிலோ 250 கிராம் காட்டுச்சு, அதாவது கால் கிலோ தண்ணி உள்ள ஏறியிருக்கு. மில்லுல குடுக்கும்போது ஈர அரிசினு சொல்லிடுங்க, மொளகா அரைச்ச கையோட நம்மளத போட்டுடப் போறாங்க.

வீட்டுக்கு வந்ததும் ஒடனே சலிச்சு வறுத்துடணும். ஈரமாவ மூடி வச்சுட்டு சாயந்திரம் பாத்துக்கலாம்னு விட்டா புளிச்ச வாடை வந்துடும், மழை நாள்ல இன்னும் சீக்கிரம்.

அடுப்புல

அடி கனமான இரும்பு சட்டியோ பித்தளை உருளியோ எடுத்துக்கோங்க, மெல்லிசு அலுமினியம் வேணாம், நடுவுல மட்டும் தீஞ்சிடும். காலி சட்டிய ரெண்டு நிமிஷம் சிம்ல காயவச்சுட்டு மாவு போடுங்க, ஒரு ஈடுக்கு கால் கிலோ போதும், எனக்கு அஞ்சு ஈடு வந்துச்சு. மொத்தமா கொட்டுனா அடி மாவு கிளம்பற ஆவி மேல் மாவுல போயி படியும், அங்கதான் உருண்டை கட்டும்.

கிண்டுறதுன்னா மேலாக்க தள்ளுறது இல்ல, தோசத் திருப்பிய படுக்க புடிச்சு அடிய சொரண்டி மேல கொண்டுவரணும், ஓரத்துல ஒட்டுனதையும் வழிச்சு வழிச்சு உள்ள விடணும். கட்டி தெரிஞ்சா ஒடனே திருப்பியால நசுக்குங்க, மொத அஞ்சு நிமிஷத்துல நசுக்குனா உடையும், அப்புறம் கல்லாயிடும். போன் வந்தா எடுக்காதீங்க, அவ்ளோ அவசரம்னா அடுப்ப அணைச்சுடுங்க, ஆனா அணைச்சப்புறமும் சட்டி சூடு இருக்கும், அது அடங்குற வரைக்கும் கிண்டிட்டுதான் போகணும்.

மாவு மாறுறத பாத்துக்கிட்டே இருங்க. மொதல்ல கனமா திப்பி திப்பியா இருக்கும், திருப்பிய தூக்குனா ஒட்டிக்கிட்டு வரும், ஆவி நல்லா கிளம்பும். நாலஞ்சு நிமிஷம் கழிச்சு கை லேசாயிடும், மாவு மேல இருந்து சரசரன்னு சரியும். அப்புறம் ஆவி கம்மியாயி, சட்டில மாவு தண்ணி மாதிரி ஓட ஆரம்பிக்கும், பச்சை மாவு வாடை போயி லேசா ஒரு வாசம் வரும். ஒரு ஈடுக்கு எனக்கு எட்டுலேந்து பத்து நிமிஷம் ஆச்சு, மொத ஈடு மட்டும் பன்னெண்டு. ஆனா கடிகாரத்த நம்பாதீங்க, உங்க அடுப்பு வேற என் அடுப்பு வேற.

பதம் பாக்குறது

கோலம் போட தெரிஞ்சவங்களுக்கு இது ரொம்ப ஈசி. சட்டி அடிலேந்து ஒரு ஸ்பூன் மாவ தட்டுல எடுத்து ஆறவிடுங்க, சூட்டோட தொட்டா விரல் பொசுங்கும். ஆறுனதும் கட்டவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல எடுத்து பேப்பர் மேல ஒரு கோடு இழுங்க. மாவு விட்டு விட்டு விழுந்தா, இல்ல விரல்லயே அப்பிக்கிட்டு பொத்துன்னு ஒரு எடத்துல விழுந்தா இன்னும் ஈரம் இருக்கு. இழை அறுபடாம ஒரே சீரா விழுந்தா பதம் வந்துருச்சு.

கோலம் போட்டு பழக்கம் இல்லாதவங்க இப்டி பண்ணலாம்: சூடா ரெண்டு ஸ்பூன் மாவ சின்ன கிண்ணத்துல போட்டு, நல்லா தொடைச்ச எவர்சில்வர் தட்டால அர நிமிஷம் மூடி திறந்து பாருங்க. தட்டு அடில முத்து முத்தா வேர்த்துருந்தா திரும்ப வறுக்கணும். நான் ரெண்டும் பாப்பேன், ஆனா கோலத்ததான் நம்புவேன்.

இடியாப்பத்துக்கு இந்த எடத்துலயே எறக்கிடுங்க, மாவு வெள்ளையாவே இருக்கணும். நெறம் மாறிட்டா பிழியும்போது இழை அறுந்து அறுந்து விழும், வெந்தாலும் வறவறன்னு இருக்கும். புட்டுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் வறுக்கலாம், வாசம் தூக்கலா வரட்டும், லேசா நெறம் மாறுனா கூட பரவால்ல. அதனால நான் மொத ரெண்டு ஈடு புட்டுக்கு, கடைசி மூணு ஈடு இடியாப்பத்துக்குன்னு ஒதுக்கிடுவேன், கை பழகுற நேரத்துல கொஞ்சம் கூட வறுபட்டாலும் புட்டுல தெரியாது. புட்டு மாவுக்கு தனி டெஸ்ட் தண்ணி தெளிக்கும்போது இருக்கு: உப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணிய தெளிச்சு பிசறி, கைல புடிச்சா புடி நிக்கணும், விரலால தட்டுனா உதிரணும். தெளிக்க தெளிக்க கொழகொழன்னு போனா வறுத்தது பத்தல.

எறக்குன ஒடனே சட்டிலேந்து மாத்தி வேட்டி மேலயோ பெரிய தாம்பாளத்துலயோ பரப்பிடுங்க, சட்டிலயே விட்டா அடி மாவு வறுபட்டுக்கிட்டே இருக்கும். சுத்தமா ஆறுனப்புறந்தான் சலிக்கணும், இடியாப்பத்துக்கு மெல்லிசு சல்லடை, புட்டுக்கு கொஞ்சம் பெரிய கண்ணு. எனக்கு கடைசில 950 கிராம் சொச்சம் நின்னுச்சு, போட்ட அரிசிய விட கம்மி, அப்டித்தான் வரணும், ஏறுன தண்ணியோட அரிசில ஏற்கனவே இருந்த ஈரமும் கொஞ்சம் போயிருக்கு. 1 கிலோவுக்கு மேல நின்னா பதம் வரலனு அர்த்தம், டப்பால அடைக்காதீங்க.

சல்லடைல நின்ன கப்பிய மிக்ஸில ஒரு சுத்து விட்டு புட்டு மாவோட சேத்துக்கலாம். வெந்து போன உருண்டைங்க மட்டும் எவ்ளோ அரைச்சாலும் நறநறன்னுதான் இருக்கும், அத தனியா எடுத்து கஞ்சில போட்டுடுங்க.