புதிய டிவியின் பின்பக்கம்: எந்தப் போர்ட்டில் எதைச் செருகுவது?

டிவியைச் சுவரில் மாட்டுவதற்கு முன்பே பின்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். மாட்டிய பிறகு அங்கே கை நுழைவதே பெரும்பாடு. போர்ட்டுகளுக்கு அருகில் அச்சிட்ட எழுத்துகளோ கறுப்பின் மேல் சாம்பல் நிறத்தில் இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சில டிவிகளில் பாதிப் போர்ட்டுகள் பக்கவாட்டிலும் இருக்கும். அவற்றையும் படம் எடுங்கள்.

முதலில் IN, OUT என்ற சொற்களைத் தேடுங்கள். IN என்றால் வெளிக்கருவியிலிருந்து டிவிக்குள் வருவது. OUT என்றால் டிவியிலிருந்து வெளியே போவது. படத்தைப் பொறுத்தவரை அனேகமாக எல்லாமே உள்ளே வருபவைதான். வெளியே போவது ஒலி மட்டுமே. அந்த ஒலி போகும் வழியில்தான் புதியவர்கள் பலர் தடுமாறுகிறார்கள்.

அடுத்து HDMI என்று எழுதிய போர்ட்டுகளைப் பாருங்கள். படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கொண்டுவருபவை இவை. பார்க்க எல்லாம் ஒரே வடிவம், ஆனால் வேலை ஒன்றல்ல. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு டிவியில் மூன்று போர்ட்டுகள்: முதலாவதில் HDMI 1 என்று மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் HDMI 2 (eARC/ARC). மூன்றாவதில் HDMI 3 4K 120Hz. நம்மிடம் ஒரு செட்-டாப் பாக்ஸ், ஒரு சவுண்ட்பார், புதிய ரக விளையாட்டுக் கருவி ஒன்று இருக்கின்றன.

சவுண்ட்பாருக்கு ARC என்று எழுதிய இரண்டாவது போர்ட்தான் இடம். மற்ற இரண்டும் ஒலியை உள்ளே வாங்க மட்டுமே தெரிந்தவை. இது ஒன்றுதான் அதே கேபிள் வழியாக டிவியின் ஒலியை வெளியேயும் அனுப்பும். சவுண்ட்பாரின் பின்னாலும் ARC என்று குறித்த போர்ட்டிலேயே கேபிளின் மறுமுனையைச் செருக வேண்டும். eARC என்பது இதன் மேம்பட்ட வடிவம், சுருக்கப்படாத பல சேனல் ஒலியையும் கடத்தும்.

விளையாட்டுக் கருவிக்கு மூன்றாவது போர்ட். 4K படத்தை நொடிக்கு 120 முறை வாங்கும் திறன் அதற்கு மட்டுமே உண்டு. கருவியோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்; வேறு வாங்கினால் Ultra High Speed என்று குறித்ததாகப் பார்த்து வாங்குங்கள். செட்-டாப் பாக்ஸுக்கு எஞ்சிய முதல் போர்ட் தாராளமாகப் போதும். அதன் ஒலி முதல் போர்ட் வழியாக டிவிக்குள் வந்து, இரண்டாவது வழியாகச் சவுண்ட்பாருக்குப் போய்விடும்.

சில டிவிகளில் eARC, 120Hz இரண்டும் ஒரே போர்ட்டில் அமைந்திருக்கும். அப்போது அதை விளையாட்டுக் கருவிக்கு விட்டுக்கொடுத்து, சவுண்ட்பாரை OPTICAL போர்ட்டில் இணைப்பேன். சிறு மூடியுள்ள சதுரத் துளை அது. உள்ளே சிவப்பு ஒளி தெரியும். ஒலி அதில் ஒளியாகப் போகும். ஸ்டீரியோவும் சுருக்கப்பட்ட 5.1 சேனல் ஒலியும் கிடைக்கும், அதற்கு மேல் கிடைக்காது. கேபிளின் முனையில் உள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள்.

எல்லாம் செருகியும் சவுண்ட்பார் ஊமையாக இருக்கிறதா? கேபிளைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். டிவியின் ஒலி அமைப்பில் வெளியீடு இன்னும் டிவியின் சொந்த ஒலிபெருக்கியிலேயே இருக்கலாம். அதை ARC-க்கு மாற்றுங்கள். அடுத்து, HDMI கேபிள் வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று இயக்க உதவும் CEC வசதி. ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. பல டிவிகளில் இது அணைந்திருந்தால் ARC வேலை செய்யாது. இயக்கியதும் டிவி ரிமோட்டிலேயே சவுண்ட்பாரின் ஒலியளவும் மாறினால் இணைப்பு சரி. அதேபோல, 120Hz கிடைக்காவிட்டால் அந்தப் போர்ட்டின் சிக்னல் அமைப்பை மேம்பட்ட நிலைக்கு மாற்ற வேண்டியிருக்கலாம்.

மற்றவை எளிது. ANT என்பது ஆண்டெனா, LAN என்பது இணையக் கேபிள். USB பென் டிரைவுக்கு. FAT32 முறையில் அமைத்த டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை வைக்க முடியாது என்பதால், பெரிய படம் அதில் ஏறாது. பழைய டிவிடி பிளேயருக்கு AV IN. மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடது ஒலிக்கு, சிவப்பு வலது ஒலிக்கு. புதிய டிவிகள் பலவற்றில் இந்த மூன்று நிறத் துளைகளும் சுருங்கி ஒரே சிறு துளையாகியிருக்கும். பெட்டியிலுள்ள பிரிப்புக் கேபிளை அதில் செருக வேண்டும். அது ஹெட்போன் துளையைப் போலவே இருக்கும், குறியைப் படித்துவிட்டே செருகுங்கள். SERVICE என்று எழுதிய போர்ட் பழுதுபார்ப்பவர்களுக்கானது. அதில் எதையும் செருகாதீர்கள்.