கிரெடிட் கார்டு லிமிட் கூட்டித் தருகிறார்களா? தட்டும் முன் இதைப் பாருங்கள்

"உங்கள் கார்டு லிமிட்டை 60,000 ரூபாயிலிருந்து 1,50,000 ரூபாயாக உயர்த்திக்கொள்ளலாம்" என்று மெசேஜ் வந்திருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் பழைய பில்களே சொல்லிவிடும்.

1. மெசேஜ் உண்மையா?

வந்த லிங்கைத் தட்ட வேண்டாம். வங்கியின் ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள். சலுகை உண்மையென்றால் பெரும்பாலும் கார்டு பகுதியிலேயே இருக்கும். போன் செய்து "லிமிட் கூட்ட ஓடிபி சொல்லுங்க" என்று கேட்டால் அது மோசடிதான், மேலே பேச வேண்டாம். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, நீங்கள் தெளிவாகச் சம்மதிக்காமல் வங்கி லிமிட்டைக் கூட்டக் கூடாது. ஆகவே பதில் சொல்லாமல் இருந்தாலே பழைய லிமிட் அப்படியே இருக்கும்.

2. கடைசி ஆறு பில்களை எடுங்கள்

ஒவ்வொரு பில்லிலும் Total Amount Due, Minimum Amount Due என்று இரண்டு தொகை இருக்கும். ஆறு மாதமும் முதல் தொகையை முழுதாகக் கட்டியிருக்கிறீர்களா? ஆம் என்றால் அடுத்த படிக்குப் போகலாம். ஒரு மாதமாவது குறைந்தபட்சத் தொகையோடு நிறுத்தியிருந்தால், இந்தச் சலுகை இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பில் 40,000 ரூபாய், குறைந்தபட்சம் 5 சதவீதம், அதாவது 2,000 ரூபாய் கட்டுகிறீர்கள். மீதி 38,000. மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்தால் 1,330 ரூபாய். வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 239. அடுத்த பில்லில் பாக்கி 39,569 ரூபாய்! 2,000 கட்டியும் கடன் குறைந்தது 431 ரூபாய்தான். இது போதாதென்று, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

பழைய லிமிட்டில் ஏதோ ஒரு கட்டத்தில் கார்டு "முடியாது" என்று நின்றுவிடும். எரிச்சலாக இருந்தாலும் அந்த நிலையில் உங்களைக் காப்பாற்றுவது அதுதான். 1,50,000 ஆக்கினால் அந்தத் தடை போய்விடும். பாக்கி வைப்பவரிடமிருந்துதான் வங்கிக்கு வட்டி வருமானம் என்பதையும் மறக்க வேண்டாம். சலுகை வந்துவிட்டது என்பதற்காக உங்களால் அவ்வளவு கடனைத் தாங்க முடியும் என்று அர்த்தமில்லை.

3. முழுதாகக் கட்டுபவர் பார்க்க வேண்டியது

இவர்களுக்கு லாபம் சிபில் ஸ்கோரில் இருக்கிறது. மொத்த லிமிட்டில் எத்தனை சதவீதம் பாக்கியாகப் பதிவாகிறது என்பது ஸ்கோரைப் பாதிக்கும். 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான வழக்கம்.

மளிகை, பெட்ரோல், இன்சூரன்ஸ், மின் கட்டணம் எல்லாம் கார்டிலேயே போய், மாதம் 33,000 ரூபாய் ஆகிறது என்று வைப்போம். 60,000 லிமிட்டில் அது 55 சதவீதம். 1,50,000-இல் அதே செலவு 22 சதவீதம். செலவு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, விகிதம் மட்டும் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஓரிரு வருடத்தில் வீட்டுக் கடன் கேட்கப் போகிறவர் என்றால் தயங்காமல் ஏற்கலாம்.

லிமிட்டைக் கூட்டாமலே விகிதத்தைக் குறைக்கவும் வழி உண்டு. பில் போடும் தேதிக்கு முன்பே 20,000 ரூபாயைக் கட்டிவிட்டால் பில்லில் 13,000 மட்டுமே நிற்கும். மாதாமாதம் தேதி பார்த்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் தொல்லை.

4. ஏற்றுக்கொண்டால் உடனே செய்ய வேண்டியது

ஆப்பில் கார்டு கட்டுப்பாடு என்ற பகுதிக்குப் போங்கள். ஆன்லைன், கடை ஸ்வைப், ஏடிஎம், வெளிநாடு என்று தனித்தனியாக வரம்பு வைக்கலாம், அணைக்கவும் செய்யலாம். ஆன்லைனுக்கு, உதாரணமாக, 10,000 ரூபாய் வையுங்கள். ஏடிஎம்மை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் கிரெடிட் கார்டில் பணம் எடுத்தால் கட்டணமும் அன்றிலிருந்தே வட்டியும் உண்டு. இந்த வரம்புகளால் உங்கள் லிமிட் குறையாது, அதனால் ஸ்கோருக்குக் கிடைக்கும் லாபம் போகாது. ஆனால் இவை பொதுவாக ஒரு பரிவர்த்தனைக்கோ ஒரு நாளைக்கோ உரியவை. மாத மொத்தத்தைப் பிடித்து நிறுத்தாது, அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், மூன்று மாதம் கழித்து பில்லைப் பழையதோடு ஒப்பிடுங்கள். 33,000 ஆக இருந்தது 45,000 ஆகியிருந்தால், கூடிய 12,000 எதற்குப் போனது என்று வரிவரியாகப் பாருங்கள். பள்ளிக் கட்டணம் மாதிரி ஒருமுறைச் செலவு என்றால் சரி. உணவு டெலிவரியும் தள்ளுபடி விற்பனையும்தான் என்றால் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டு லிமிட்டைக் குறைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் பாக்கியைக் கட்டிவிடுங்கள். 45,000 பாக்கியோடு 60,000-க்குத் திரும்பினால் விகிதம் 75 சதவீதத்துக்கு எகிறிவிடும்.