லிஃப்ட் மாற்ற ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? PMT-இன் நான்காவது இடத்தைக் கவனியுங்கள்

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள், ஒரே ஒரு லிஃப்ட். மூன்றாவது மாடியில் அது தரைக்கு இரண்டு அங்குலம் கீழே நிற்கத் தொடங்கியபோது நான்தான் சங்கப் பொருளாளர். இன்னும் பத்து ஆண்டு ஓட்டலாம், பிறகு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார் மெக்கானிக். அந்தப் பத்தாவது ஆண்டுக்காக இப்போதிருந்தே ஆண்டுதோறும் போட்டுவைக்கும் பணத்தைத்தான் கணக்கியலில் மூழ்கு நிதி என்கிறார்கள். கணக்கு சின்னதுதான். நான்தான் சொதப்பினேன்.

முதலில் இன்றைய விலை. விலைப்புள்ளியில் உள்ள தொகையை அப்படியே எடுக்காதீர்கள். எங்களுக்கு வந்தது 10 லட்சம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1.8 லட்சம். பழையதைக் கழற்றவும் கொத்து வேலைக்கும் 70 ஆயிரம். பழைய இரும்பு விற்றால் 50 ஆயிரம் திரும்பி வரும். ஆக 12 லட்சம்.

பத்து ஆண்டு கழித்து அதே விலைக்குக் கிடைக்காது. ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும் என்று வைத்தேன்.

```
=1200000*(1+6%)^10
```

விடை 21,49,017. இதுதான் இலக்கு.

அடுத்தது வட்டி. வங்கி வைப்புக்கு அப்போது 7 சதவீதம் கிடைத்ததால் நானும் 7 என்றே போட்டிருந்தேன். உறுப்பினர்களே போட்ட பணத்துக்கு வரி ஏது என்ற எண்ணம். ஆடிட்டர் சிரித்தார். வங்கி தரும் வட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது என்று பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இலேயே சொல்லிவிட்டதாம். வரி போக 5 சதவீதம் என்று வைக்கச் சொன்னார். இரண்டு சதவீதம்தானே என்று விட்டிருந்தால், 7-ஐ நம்பி ஆண்டுதோறும் கட்டும் 1,55,540 ரூபாய் பத்தாவது ஆண்டில் 19.56 லட்சமாகத்தான் வளர்ந்திருக்கும். ஏறக்குறைய 1.93 லட்சம் துண்டு விழும்.

இனி நான் வழுக்கிய இடம். விரிதாளில் தவணையைக் கணக்கிடும் PMT சூத்திரத்துக்கு ஐந்து இடங்கள்: வட்டி, ஆண்டுகள், இன்று கையில் உள்ள தொகை, கடைசியில் வேண்டிய தொகை, கட்டுவது ஆண்டின் தொடக்கத்திலா முடிவிலா என்பது. தொடக்கம் என்றால் 1, முடிவு என்றால் 0. நான் இலக்கை மூன்றாவது இடத்தில் எழுதிவிட்டேன். அப்படி எழுதினால், 21 லட்சத்தை இன்றே கடனாக வாங்கி அடைப்பதற்கான தவணையை அது கணக்கிடும். வந்த விடை 2.78 லட்சம். அதை நம்பி, வீட்டுக்கு ஆண்டுக்கு 23 ஆயிரம் என்று பொதுக்குழுவில் அறிவித்தேன். அன்று எழுந்த கூச்சலை எழுத விருப்பமில்லை. சரியானது இதுதான்:

```
=PMT(5%,10,0,-2149017,0)
```

விடை 1,70,857. வீட்டுக்கு ஆண்டுக்கு 14,238, மாதம் 1,187. நடுவில் இருக்கும் அந்தப் பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள். இலக்குக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் விடை நேர் எண்ணாக வரும்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இலக்கைப் பத்தால் வகுத்தால் 2.15 லட்சம். வட்டியும் சேர்ந்து உதவுவதால் உங்கள் விடை அதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். கூடினால், கடன் கணக்கைப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள். இந்த ஒரு வரி அன்று எனக்குத் தெரிந்திருந்தால் மானம் பிழைத்திருக்கும்.

இணையத்தில் இதற்கென்று இருக்கும் கணிப்பான்களை நான் தொடுவதில்லை. எந்தக் கட்டத்தில் எதை எடுத்துக்கொண்டன என்று அவை காட்டுவதில்லை. லிப்ரே ஆபிஸ் கால்க் இலவசம்; அடுத்த பொருளாளர் சூத்திரத்தைத் திறந்து பார்க்கலாம். பணத்தைப் பராமரிப்புக் கணக்கோடு கலக்காமல் தனி வைப்பில் போடுங்கள். கலந்தால் மோட்டார் பழுதுக்கு அதிலிருந்துதான் கை நீளும்.

ஆண்டுதோறும் புதிய விலைப்புள்ளி வாங்கித் திருத்த வேண்டும். மூன்று ஆண்டு கழித்து நிதியில் 5,38,627 இருக்கிறது, மொத்தச் செலவு 15 லட்சமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதி ஏழு ஆண்டில் 6 சதவீத ஏற்றத்துடன் இலக்கு 22,55,445. இப்போதுதான் மூன்றாவது இடத்துக்கு வேலை வருகிறது:

```
=PMT(5%,7,538627,-2255445,0)
```

விடை 1,83,928. கையிருப்புக்குக் கழித்தல் குறி வேண்டாம்.

பின்சேர்க்கை: கடைசி இடத்தில் 1 போட்டால் முதல் கணக்கு 1,62,721 ஆகக் குறைகிறதே, அதையே வசூலிக்கலாமே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஆண்டின் முதல் நாளே முழுத்தொகையும் வங்கிக்குப் போய்விடும் என்றால் தாராளமாகப் போடுங்கள். எங்கள் சங்கத்தில் ஏப்ரலில் தொடங்கும் வசூல், இரண்டு வீட்டுக்காரர்களின் புண்ணியத்தில் மார்ச்சில்தான் முடிகிறது. எங்களுக்கு 0 தான்.