கடைசி நாலு எண்ணை மட்டும் காட்டும் பட்டியல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் கூட்டுறவுச் சங்கம், கோயில் கமிட்டி என்று கணக்குப் பார்க்கும் இளையவர்கள் இப்போது நிறைய பேர். லாப ஈவு போடும் முன் உறுப்பினர் பெயரையும் வங்கிக் கணக்கின் கடைசி நாலு எண்ணையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள், அவரவர் தம் பேங்க் புக்கோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. நல்ல பழக்கம்தான். ஆனால் அதை எக்செல்லில் செய்யும்போது ஆளுக்கு ஆள் அதே குழியில்தான் விழுகிறார்கள். முழு எண்ணையே ஒட்டிவிடுவது மாதிரியான பிழைகளை விட்டுவிடுகிறேன், அது யாருக்கும் தெரியும்.

16 இலக்க எண்ணை எண்ணாகவே தட்டுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் வருவதைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். பத்து, பன்னிரண்டு இலக்கக் கணக்கு என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் தோட்டத்து ஆட்கள் பலர் வைத்திருக்கும் பி.எஸ்.என். கணக்கு 16 இலக்கம், விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளும் பெரும்பாலும் 16தான். 1234567890123456 என்று தட்டி என்டர் அடித்தால் கட்டத்தில் 1.23457E+15 என்று தெரியும், மேலே உள்ள ஃபார்முலா பட்டையில் பார்த்தால் 1234567890123450. கடைசி 6 போயே போய்விட்டது. அதன் மேல் கடைசி நாலைத் தவிர மற்றதை மறைக்கும் ஃபார்முலாவைப் போட்டால் 3450 என்று அழகாக வரும், பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது.

ஒரு சங்கத்தில் இப்படித்தான் பட்டியல் ஒட்டினார்கள். ஒரு அம்மா பேங்க் புக்கோடு வந்து, "தம்பி, இது என் நம்பர் இல்லையே, என் காசு யாருக்குப் போகுது?" என்று கேட்க, பையன் அவர் எண்ணை மட்டும் கையால் திருத்திவிட்டு உட்கார்ந்துவிட்டான். அப்புறம் பணம் அனுப்பவும் அதே அட்டவணைதான் போனது. கணக்கு எண் தவறு என்று வரிசையாகத் திரும்பி வந்தது. உண்மையிலேயே பூஜ்யத்தில் முடியும் கணக்குகளுக்கு மட்டும் ஒழுங்காகப் போயிருந்தது. ஒன்றிரண்டு பேரை மட்டும் கூப்பிட்டுச் சரிபார்த்தால் போதாது என்பதற்குக் காரணமே அதுதான், அந்த ஒன்றிரண்டு பேர் இவர்களாக இருந்துவிடலாம்.

இலக்கத்தை எண்ணிப் பார்த்தாலும் சிக்காது, பூஜ்யத்தோடு சேர்த்து 16 சரியாகவே இருக்கும். கண்ணில் படுகிற அடையாளம், பட்டியல் முழுக்க பூஜ்யத்தில் முடிவது. உறுதியாகத் தெரிய வேண்டுமா, கணக்கு எண்கள் A பத்தியில், அதாவது A column-இல், இருந்தால் ஒரு காலிக் கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=COUNT(A2:A200)
```

இது எண்ணாகப் பதிந்த கட்டங்களை மட்டும் எண்ணும். விடை 0 வர வேண்டும். ஒன்று வந்தாலும் அந்தக் கட்டம் சந்தேகத்துக்குரியது.

தட்டுவதற்கு முன் கணக்கு எண் வரும் பத்தியை Text ஆக்குங்கள். தட்டிய பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது, பேங்க் புக் நகலை எடுத்து மறுபடி தட்டுவது ஒன்றே வழி. Text ஆக்கியதும் கட்டத்தின் மூலையில் பச்சை முக்கோணம் வரும், அதைத் தொட்டால் Convert to Number என்று ஆசை காட்டும். தொடாதீர்கள்! பாதிப் பேர் ஒழுங்காகத் தட்டிவிட்டு, பச்சை நிறம் உறுத்துகிறது என்று அதை அமுக்கித்தான் கெடுக்கிறார்கள்.

CSV கோப்பு வந்தால் இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள், திறந்த நொடியே எண்ணாகிவிடும். அதைச் சேமித்தும் விட்டால் கோப்பிலேயே 1.23457E+15 என்று எழுதப்பட்டு, அடுத்த முறை திறக்கும்போது கடைசி நாலும் 0000. Data பட்டியில் From Text/CSV வழியாக, அந்தப் பத்தி Text என்று சொல்லிக் கொண்டுவாருங்கள்.

எண் சரியாக வந்த பிறகு மறைப்பது சுலபம்:

```
=REPT("*",LEN(A2)-4)&RIGHT(A2,4)
```

இதைப் போடும் பத்தி மட்டும் General ஆக இருக்கட்டும், Text ஆக இருந்தால் விடைக்குப் பதில் ஃபார்முலாவே தெரியும்.

முழு எண் பத்தியை Hide செய்து அனுப்புவது

Unhide என்று ஒன்று இருக்கிறது. கடைசி நாலு எண் மட்டும் தெரியும் பத்தியை நகலெடுத்து, புதுக் கோப்பில் Paste Special > Values என்று ஒட்டி, அதை மட்டும் அனுப்புங்கள்.

எண்ணின் பின்னால் இடைவெளி

வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டினால் வரும். நாலுக்குப் பதில் மூன்று எண்தான் தெரியும். மறைக்கும் ஃபார்முலாவில் A2 இருக்கும் இரண்டு இடத்திலும் TRIM(A2) போட்டால் பெரும்பாலும் தீரும்.

பிடிஎஃப்பில் கறுப்புப் பட்டை வரைவது

பட்டைக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும், இழுத்துத் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் முழு எண்ணும் வந்துவிடும்.