ஹீல்ஸ் உயர உயர அளவு மாறும்

தட்டையான செருப்பில் 38 அளவு சரியாக இருப்பவர், நான்கு அங்குல ஹீல்ஸையும் அதே அளவில் வாங்கினால், பத்து அடி நடப்பதற்குள் குதிகாலின் பின்னே ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி தோன்றுவதையும், முன்னே விரல்கள் நெருக்குண்டு வலிப்பதையும் உணரக்கூடும். ஹீல் உயரும்போது உள்ளங்கால் சரிவாகிறது. உடல் எடை குதிகாலிலிருந்து முன்பாதத்துக்கு மாறுவதால், கால் சறுக்கி முன்னே இறங்கிவிடுகிறது. விரல் வலிக்கிறதே என்று பலரும் 39-க்குப் போகிறார்கள். அது தவறு, ஏனெனில் பெரிய காலணியில் கால் இன்னும் அதிகமாகச் சறுக்கும்.

பட்டையில்லாத மூடிய ஹீல்ஸில் பின்னால் இடைவெளி விழுந்து, முன்பாதத்தின் பக்கங்கள் அழுந்தாமலிருந்தால், அரை அளவு குறைத்து 37.5 போட்டுப் பார்க்க வேண்டும். முன்பாதத்தின் அகலமான பகுதி பக்கவாட்டில் பிதுங்கினாலோ, கூர்முனைக் காலணியில் விரல்கள் மடங்கினாலோ மட்டுமே அரை அளவு கூட்டுவது நியாயம். வழக்கமான அளவிலேயே அகலம் கூடிய காலணி கிடைத்தால் அதுவே இன்னும் நல்லது.

கூட்டியபின் குதிகால் கழன்றால், முன்பாதத்துக்கு அடியில் மெல்லிய ஜெல் பேட் ஒட்டுங்கள். சறுக்கல் தொடங்கும் இடமே அதுதான். கணுக்கால் பட்டை இருந்தால் பாதத்தைப் பின்னே பிடித்துக்கொள்ளும் என்பதால், பெரும்பாலும் வழக்கமான அளவே போதும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில், கடையின் கம்பளத்தில் அல்லாமல் வழுவழுப்பான தரையில் நடந்து பாருங்கள்.